பிங்-பாங் மெமரியில் நீங்கள் சந்தித்த சிக்கல்கள்: அனுபவப் பகிர்வு

திருப்பூர், துணிப் பரிசோதனை இயந்திரம்
4096 பிக்சல் லைன் ஸ்கேன் கேமராவை எஃப்பிஜிஏ போர்டில் இணைத்து, வரிகளை இரண்டு மெமரிகளில் மாறிமாறி நிரப்பிக் காலி செய்தோம். ஒரு மெமரியில் புதிய வரி நிரம்ப 100 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் மற்றொன்றிலுள்ள முந்தைய வரி 82 மைக்ரோ நொடியில் டிடிஆர் மெமரிக்குப் போய்விடும். வெள்ளைப் பின்னல் துணி ஓடியவரை குறை எதுவும் தெரியவில்லை. நீலக் குறுக்குக் கோடு போட்ட துணி வந்தபோது, சில கோடுகளின் வலது ஓரம் மட்டும் ஒரு வரி முன்னதாகவே நீலமாகியிருந்தது. பிராசஸரும் டிடிஆரில் எழுதும் வேளைகளில் காலியாகும் நேரம் 110 மைக்ரோ நொடியாகிறது என்பது அளந்தபோது தெரிந்தது.

ஈரோடு
மெமரியைப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு பக்கமும் எட்டு வரிகள் கொள்ளுமாறு வைத்தால் 144 மைக்ரோ நொடி மிச்சம் கிடைக்கும். சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடும்.

கோவை, பீளமேடு
ஈரோட்டு நண்பரின் கணக்கு சரி, முடிவு சரியல்ல; குறை அரிதாகுமே தவிர மறையாது. நிரப்பும் பக்கம், காலி செய்யும் பக்கம் இரண்டையும் ஒரே செலக்ட் பிட் மாற்றுகிறது என்று நினைக்கிறேன். 100 மைக்ரோ நொடி முடிந்து அந்தப் பிட் மாறும்போது ஏறத்தாழ 3720 பிக்சல்கள்தான் வெளியேறியிருக்கும். எஞ்சியவற்றை அதே முகவரிகளிலிருந்து, ஆனால் அடுத்த வரி இருக்கும் மெமரியிலிருந்து படிக்கிறீர்கள். வலது ஓரம் மட்டும் கெடுவது இதனால்தான். வெள்ளைத் துணியில் அடுத்தடுத்த வரிகள் ஒன்றுபோலவே இருப்பதால் அது கண்ணில் படவில்லை.

இரு பக்கங்களுக்கும் தனித்தனிப் பிட்டும், ஒவ்வொரு மெமரிக்கும் 'நிரம்பியது' என்ற கொடியும் வையுங்கள். மூன்றாவது மெமரி ஒன்றும் சேர்த்தால் 10 மைக்ரோ நொடித் தாமதத்தை அடுத்த வரியின் 18 மைக்ரோ நொடி மிச்சம் ஈடுகட்டிவிடும். கேமரா காத்திருக்காது, ஆகவே மாற வேண்டிய மெமரி இன்னும் காலியாகவில்லை என்றால் அந்த வரியை முழுவதுமாக விட்டுவிட்டு, ஒரு கவுண்டரில் எண்ணுங்கள். காலியாகும் நேரம் சராசரியாகவே 100ஐத் தாண்டினால் எத்தனை மெமரி வைத்தாலும் பயனில்லை.

கோவை, பம்ப்செட் சோதனை மேடை
எனக்கும் இதுவே நேர்ந்தது. எஸ்டிஎம்32 எச்7 சிப்பில் டிஎம்ஏ இரு பாதிகளையும் ஒழுங்காக நிரப்பியும், மோட்டார் நின்ற பிறகும் திரையில் பழைய மின்னோட்ட அலையே ஓடியது. மெமரியில் புதிய மதிப்பு இருந்தும் பிராசஸர் கேஷிலிருந்த பழையதையே படித்தது. ஒவ்வொரு பாதியையும் படிக்கும் முன் `SCB_InvalidateDCache_by_Addr` அழையுங்கள். ஒவ்வொரு பாதியின் தொடக்கமும் நீளமும் 32 பைட்டின் மடங்காக இருக்கட்டும்.

திருப்பூர்
பம்ப்செட் நண்பரே, எங்கள் கேமரா வரிகள் கேஷ் வழியே வருவதில்லை. பீளமேட்டு நண்பர் கூறியபடி பிட்டுகளைப் பிரித்தபின் நீல ஓரம் வரவில்லை. ஆனால் புதிய ரோல் தொடங்கும்போது கவுண்டர் சிறிது ஏறுகிறது. டிடிஆர் புதுப்பிப்பு ஒவ்வொரு முறையும் ஒரு மைக்ரோ நொடிக்குள் முடிவதால் அதன்மேல் எனக்குச் சந்தேகமில்லை. ரோல் விவரத்தைப் பிராசஸர் எழுதும் நேரத்தை இப்போது அளந்துகொண்டிருக்கிறேன்.