தீபாவளிப் பெட்டிக்கு வைக்கும் பெயர் தை மாதத்திலும் விற்குமா?

கோத்தகிரி கடைக்காரன்
கோத்தகிரியில் அப்பா காலத்துக் கடை. இந்த வருடம் தீபாவளிக்கு 500 பெட்டி மட்டும் போடப்போகிறேன், அரைக் கிலோ. மைசூர்பாகு, அதிரசம், தேங்காய் பர்பி, கேத்தி கேரட்டில் செய்த அல்வா. பெயரைக் கேட்டதும் பண்டிகை நினைவு வரவேண்டும், ஆனால் டிசம்பர், ஜனவரியில் ஊர் சுற்ற வருகிறவர்களும் அதே பெயரில் வாங்கவேண்டும். 'தீபாவளி ஸ்பெஷல் 2026' என்று வைக்கலாமா?

ஊட்டி மார்க்கெட் சேகர்
வையுங்க தம்பி, யோசிக்காதீங்க. அந்தப் பதினைந்து நாளில் கடைக்குள் வருகிறவர் தீபாவளிக்குத்தான் வருகிறார், பெட்டியில் அந்த வார்த்தை இல்லையென்றால் பக்கத்துக் கடைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எஸ்டேட்டில் ஆட்களுக்கு மொத்தமாக வாங்குகிற மேனேஜர்கூட 'தீபாவளி பாக்ஸ் எத்தனை ரூபாய்' என்றுதான் போனில் கேட்பார். கவிதையாகப் பெயர் வைத்து நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் பெட்டி அக்கா
சேகர் அண்ணா, அந்த வார்த்தை பெட்டியில் இருக்கணும் என்பது சரி. அதையே பெயராக்கணும் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இருபது வருடமாகக் கடைகளுக்குப் பெட்டி வடிவமைத்து அச்சடித்துக் கொடுக்கிறேன், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் பண்டிகைப் பெயரும் வருடமும் சேர்த்து மூடியிலேயே 1000 பெட்டி அடித்தார், ஏனென்றால் ஆஃப்செட்டில் அதற்குக் கீழே போனால் ஒரு பெட்டிக்கு விழுகிற செலவு ஏறிவிடும். 640 போனது. மிச்சம் 360 காலிப் பெட்டிக்கு மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, புத்தாண்டுக்குப் புதிதாகச் செய்த இனிப்பை வைத்து விற்றார். நம்ம ஊர் ஈரத்தில் ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொண்டது, கீழே பழைய வருடம் தெரிந்தது. அன்று காலையில் செய்த மைசூர்பாகை ஒரு அம்மா 'இது தீபாவளி மிச்சம்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? தின்பண்டத்தில் வருடம் தெரிந்தால் அதைத் தேதியாகத்தான் படிப்பார்கள்.

கொடை சாக்லேட் மேரி
எங்களுக்கும் இதேதான். கொடைக்கானலில் பிளம் கேக் பெட்டியில் 'கிறிஸ்துமஸ்' என்று அடித்துவிட்டோம், ஜனவரி 2-ஆம் தேதி முதல் ஒருவரும் தொடவில்லை. கேக் அதே கேக், பெட்டிதான் தடுத்தது. மிச்ச இனிப்பைத் தள்ளுபடியில் கொடுத்துவிடுங்கள் தம்பி, கெட்டுப்போவதை விட அது மேல்.

கோத்தகிரி கடைக்காரன்
மேரி அக்கா, நான் கேட்டது மிச்ச இனிப்பைப் பற்றி இல்லை. அல்வா நாலு நாள்கூட வைத்திருக்க மாட்டேன். ஜனவரியில் புதிதாகச் செய்துதான் வைப்பேன், பெட்டியும் பெயரும் மட்டும் அதே.

தமிழ் வாத்தியார் பழனி
குறிஞ்சி என்று வையுங்கள். மலைக்கு உரிய பெயர், தமிழ்ப் பெயர், வேறு என்ன வேண்டும்?

குன்னூர் பெட்டி அக்கா
ஐயா, அது இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030. அந்தப் பூவை வைத்து எந்த மாதத்தையும் யாரும் நினைக்க மாட்டார்கள். தவிர, ஊட்டியிலும் கொடையிலும் விடுதி, டீக்கடை, ஹோம்ஸ்டே எல்லாவற்றுக்கும் அதே பெயர், உங்கள் பெட்டி அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

தமிழ் வாத்தியார் பழனி
காலத்தைச் சொல்லாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் அம்மா. குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுதே கூதிரும் முன்பனியும்தான். கூதிர் ஐப்பசி, கார்த்திகை. முன்பனி மார்கழி, தை. தம்பி கேட்கிற தீபாவளி முதல் பொங்கல் வரை அப்படியே அதற்குள் அடங்குகிறது. பூவை மறந்துவிட்டுத் திணையைப் பாருங்கள்.

குன்னூர் பெட்டி அக்கா
இதை நான் யோசிக்கவே இல்லை ஐயா, நன்றி. அப்போது பெயர் அந்த இரண்டு பொழுதுக்குள்தான் இருக்கிறது. 'கூதிர்' வேண்டாம், கல்லாவில் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ஏன் என்று புரியும். 'முன்பனி' நன்றாக இருக்கிறது. நவம்பரிலேயே இங்கே காலையில் புல்வெளியில் உறைபனி விழத் தொடங்கிவிடும், அதனால் ஐப்பசிக் கடைசியில் சொன்னாலும் உறுத்தாது, தையில் இன்னும் பொருத்தம். சமவெளியிலிருந்து வருகிறவர் மலையில் தேடுவதே அந்தக் குளிரைத்தான்.

ஊட்டி மார்க்கெட் சேகர்
நல்ல பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8. பெட்டி கடையில் அக்டோபர் கடைசியில் அடுக்கணும், அப்போது இங்கே மழைதான் கொட்டும், பனி எங்கே? மேனேஜர் 'முன்பனி எத்தனை ரூபாய்' என்று கேட்பாரா?

குன்னூர் பெட்டி அக்கா
கேட்க மாட்டார், அதற்குத்தான் ஸ்லீவ். பெட்டியைச் சுற்றி மாட்டுகிற அட்டைப் பட்டை. மூடியில் 'முன்பனி', கடைப் பெயர், கோத்தகிரி, இவ்வளவுதான், வருடமே வேண்டாம். 1000 பெட்டி அதேபோல் அடிக்கலாம். 500-க்கு 'தீபாவளி நல்வாழ்த்துகள்' ஸ்லீவ், டிஜிட்டலில் தேவையான அளவுக்கே அடித்துக்கொள்ளலாம். பண்டிகை முடிந்ததும் அதைக் கழற்றினால் கீழே வேறு எதையும் மறைக்க வேண்டியதில்லை, ஸ்டிக்கர் தூக்குகிற கதையும் இல்லை. மிச்ச 500 பெட்டியில் கொஞ்சத்துக்குப் புத்தாண்டு, கொஞ்சத்துக்குப் பொங்கல். செய்த தேதியும் எத்தனை நாளுக்குள் சாப்பிடணும் என்பதும் மட்டும் அடியில், ஒவ்வொரு முறையும் புதிதாக.

இன்னொன்று, பெரியவர் தவறிய வீட்டில் அந்த வருடம் பண்டிகை இல்லை, ஆனால் குழந்தைகளுக்கு இனிப்பு கொண்டுபோகிற உறவினர் உண்டு. அவர் தீபாவளி என்று அச்சடித்த பெட்டியை எடுக்கத் தயங்குவார், ஸ்லீவ் இல்லாத பெட்டியை எடுப்பார்.

ஊட்டி மார்க்கெட் சேகர்
ஸ்லீவ் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் '500 மட்டும்' என்று சொல்லி விற்றுவிட்டு ஜனவரியில் அதே பெயரில் இன்னும் 500 வைத்தால், தீபாவளிக்கு வாங்கினவர் ஏமாந்ததாக நினைப்பார். இதற்கு என்ன சொல்றீங்க?

குன்னூர் பெட்டி அக்கா
எண்ணை மூடியில் போடாமல் ஸ்லீவில் போடணும்: 'தீபாவளிக்கு 500 பெட்டி'. அளவானது அந்தப் பண்டிகைக்கான பெட்டி, பெயர் அளவானது இல்லை.

ஊட்டி மார்க்கெட் சேகர்
அது உங்களுக்கும் எனக்கும் புரியும். வாங்குகிறவர் மூடியைத்தான் பார்ப்பார். உள்ளே ஒரு இனிப்பாவது மாறணும், இல்லையென்றால் எனக்கு இது நேர்மையாகப் படவில்லை.

கொடை சாக்லேட் மேரி
சேகர் அண்ணா சொல்வதுதான் சரி. நாங்கள் இப்போது ஒவ்வொரு முறையும் ஒன்றை மாற்றுகிறோம், போன தடவை வாங்கினவரே 'இந்தத் தடவை என்ன' என்று கேட்டு வருகிறார்.

குன்னூர் பெட்டி அக்கா
நாலும் அப்படியே வேண்டும் என்று கேட்டு வருகிறவரும் இருக்கிறார், மேரி. அந்த மைசூர்பாகுக்காகவே திரும்ப வருகிறவரிடம் என்ன சொல்வது? அங்கே நான் சேகர் அண்ணாவோடு ஒத்துப்போகவில்லை.

கோத்தகிரி கடைக்காரன்
காலையில் கல்லாவில் நின்று பன்னிரண்டு பேரிடம் 'முன்பனி ஒன்று கொடுங்க' என்று என்னிடம் சொல்லச் சொன்னேன். ஒன்பது பேர் தடுமாறாமல் சொன்னார்கள், இரண்டு பேர் 'முன்பணமா?' என்று கேட்டார்கள், ஒரு பாட்டி 'பனிப் பெட்டி' என்று சுருக்கிவிட்டார். பாட்டி சொன்னதே நாளைக்கு எல்லார் வாயிலும் வருமோ என்று தோன்றுகிறது. அல்வாவைத் தீபாவளிக்கு மட்டும் வைத்து, தையில் அந்த இடத்தில் எள்ளுருண்டை போடலாம் என்று அம்மா சொல்கிறார், சேகர் அண்ணாவின் சந்தேகத்துக்கும் அது பதிலாக இருக்கும். மூடியில் 'முன்பனி'யா 'பனிப் பெட்டி'யா என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அச்சுக்கு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கணும். அக்கா, இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் அட்டையில் அடித்துக் கொடுப்பீர்களா, கடை ஷெல்ஃபில் வைத்து எதிர்ப் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பிலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.