“இருபது வருடம் வீணாகிவிட்டது” என்று கணவர் சொன்ன இரவும் அதற்குப் பிறகும்

மாலைநடை:
என் கணவருக்கு 47 வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, விளக்கை அணைத்த பிறகு, “இருபது வருடத்தை வீணாக்கிவிட்டேன், வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார். “அப்படியானால் என்னோடு வாழ்ந்ததும் வீண்தானா?” என்று நான் கேட்டேன். அடுத்து வீட்டுக் கடனைப் பற்றியும் மகளின் படிப்பைப் பற்றியும் கேட்டேன். அவர் “ஒன்றுமில்லை, தூங்கு” என்று திரும்பிப் படுத்தவர், மூன்று வாரங்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. அவர் தம் வருத்தத்தைச் சொன்னார். நான் அதை முடிவு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாலை நடைப்பயிற்சியின்போது, “அன்று உங்களைப் பேசவிடாமல் செய்துவிட்டேன். இன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம், பணக்கணக்கும் வேண்டாம், அரை மணி நேரம் நான் கேட்டுக்கொண்டு மட்டும் வருகிறேன்” என்றேன். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டே பேசியது அவருக்கு எளிதாக இருந்தது என்று நினைக்கிறேன். “ஏன்” என்று தொடங்கும் கேள்விகளை நான் தவிர்த்தேன், ஏனெனில் அவை அவருக்குக் குறுக்கு விசாரணையாகவே படும். “இந்த எண்ணம் எப்போதிலிருந்து இருக்கிறது?” என்று மட்டும் கேட்டேன்.

வெகுதூரம் நடந்த பிறகு, தம் தந்தை 52 வயதில் இறந்ததைச் சொன்னார். அவர் மனத்துக்குள் ஐந்து வருடங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். வேலையைப் பற்றிய பேச்சுக்கு அடியில் இருந்தது அந்த எண்ணிக்கைதான்.

இரண்டாம்இன்னிங்ஸ்:
சகோதரி, இதெல்லாம் ஹார்மோன் செய்யும் வேலை. இந்த வயதில் எல்லோருக்கும் வரும், ஆறு மாதத்தில் தானாகப் போய்விடும். கண்டுகொள்ளாமல் இருப்பதே நல்லது.

ஓய்வுபெற்ற ஆலோசகர்:
ஐயா சொல்வதில் பாதி சரி. தூக்கக் குறைவும் உடல் மாற்றங்களும் மனத்தைக் கலக்கக்கூடும் என்பதால் மருத்துவப் பரிசோதனை வீண்போகாது. ஆனால் எல்லோருக்கும் வரும் என்பது சரியன்று. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தமக்கு நடுவயது நெருக்கடி வந்தது என்று சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு, வயதைவிடப் பெற்றோரின் மரணம், வேலையில் ஏற்பட்ட அவமானம் போன்ற ஏதேனும் ஒரு நிகழ்ச்சியே தொடக்கமாக இருந்தது.

பேச்சு சூடாகி நெஞ்சு படபடக்கத் தொடங்கினால், அதற்கு மேல் கேட்பது காதில் ஏறாது. குறைந்தது இருபது நிமிடங்கள் பேச்சை நிறுத்த வேண்டும். ஆனால் எப்போது தொடரப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது தண்டனை மௌனமாகிவிடும். இன்னொன்று: முன்பு பிடித்தவற்றில்கூட இரண்டு வாரங்களுக்கு மேல் நாட்டமில்லாமல் போனாலோ, “இருந்து என்ன பயன்” என்ற பேச்சு வந்தாலோ, அதை மாற்றத்துக்கான ஆசை என்று எண்ணிவிடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

கண்திறந்தவள்:
மன்னிக்கவும், எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. அவருடைய கைபேசியைப் பார்த்தீர்களா?

மாலைநடை:
இல்லை, பார்க்கவும் மாட்டேன். அப்படி எண்ணுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. பார்த்தேன் என்று தெரிந்தால் அந்த நடைப்பயிற்சியும் நின்றுவிடும்.

அட்டவணைக்காரன்:
என் வீட்டில் கதை நேர்மாறானது. பாதியில் விட்ட படிப்பைப் பற்றி என் மனைவி வருந்தியபோது நான் பதறவில்லை என்று பெருமைப்பட்டேன். அன்றிரவே எந்தெந்தப் படிப்புகள், எத்தனை வருடம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். “நான் வழி கேட்கவில்லையே” என்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அட்டவணை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. சகோதரி, பணக்கணக்கை எப்போது பேசினீர்கள்?

மாலைநடை:
ஐந்தாறு நடைகளுக்குப் பிறகு, தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். என் பயத்தையும் அன்றுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருப்பது என்றால் என் கவலையை விழுங்கிவிடுவது என்று பொருளாகாதே. திரும்பி வரக்கூடிய அடி எது, திரும்ப முடியாத அடி எது என்று பிரித்துப் பார்த்தோம். வேலையை விடுவது இரண்டாவது வகை. மூன்று மாதச் சம்பளமில்லா விடுப்பு முதல் வகை. எத்தனை மாதச் செலவுக்குச் சேமிப்பு தாங்கும் என்று எழுதிப் பார்த்தபோது, பயந்த அளவுக்கு மோசமாக இல்லை, அவர் நினைத்த அளவுக்கு நன்றாகவும் இல்லை.

விடுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார், பதில் வரவில்லை. தந்தைக்கு வந்த நோய்க்கான இதயப் பரிசோதனைக்கு மட்டும் இன்னும் போகவில்லை. நான் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

ஓய்வுபெற்ற ஆலோசகர்:
அவருக்கு இப்போதைக்குக் கடினமான அடி அதுதான் போலும். உடன் வருகிறேன் என்று ஒரு முறை சொல்லிவிட்டு, பரிசோதனைக்கான தேதியை அவரே முடிவுசெய்ய விடுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அசைவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள்.