வயது போட்ட சைஸ் பிள்ளைக்குப் பொருந்துகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மழைத்துளி: மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. '6–7' என்று போட்ட சட்டையின் கை, விரல் நுனி வரை தொங்குகிறது. அதே எண் போட்ட வேறு நிறுவனத்து பேன்ட் இடுப்பைப் பிடிக்கிறது. கோளாறு யாரிடம்?

ஊசிநூல்: பிள்ளைகள் உடை வெட்டுவதுதான் என் தொழில். நாங்கள் வெட்டுவது உயரத்துக்கு. அந்த உயரம் எந்த வயதில் வரும் என்ற உத்தேசக் கணக்கைத்தான் லேபிளில் போடுகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி ஐந்து வயதுப் பையனின் நடுத்தர உயரம் 110 செ.மீ. ஆனால் 101 இருந்தாலும் 119 இருந்தாலும் இயல்புதான். ஐரோப்பிய அளவுகளோ 104, 110, 116 என்று ஆறாறு செ.மீ.யாக ஏறுகின்றன. ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு சைஸ் தேவைப்படும். உங்கள் மகள் உயரம்?

மழைத்துளி: சுவரோடு நிற்க வைத்து அளந்தேன், 109. மார்பு 56.

ஊசிநூல்: அப்போ 110 பாருங்கள், வயதை மறந்துவிடுங்கள். அளவு அட்டவணையில் 'மார்பு 56' என்றிருந்தால் அது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று பாருங்கள். துணியே 56 என்றால், இழுபடாத பருத்திச் சட்டையில் கையைத் தூக்க முடியாது. சட்டையை விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்தால் 31, 32 வர வேண்டும். பனியன் துணி இழுபடும், அதற்கு இவ்வளவு வேண்டாம்.

இருவரின் அப்பா: எதற்கு இத்தனை கணக்கு? எதிலும் ஒரு சைஸ் கூட எடுங்கள். ஷூ என்றால் முன்னால் பஞ்சு வைத்துவிடலாம்.

ஊசிநூல்: சட்டைக்குச் சரி, கையை மடித்துவிடலாம். ஷூ பெரிதானால் குதிகால் வழுக்கும். நிற்காமல் கால் முன்னே ஓட, விரல்தான் முட்டும். பஞ்சு அதற்கு மருந்தில்லை.

நெட்டைக்கொக்கு: எனக்கு நாற்பது வயது, இன்னும் ஷூ சைஸ் ஏறிக்கொண்டே போகிறது. வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? வலது கால் வேறு இடதைவிடப் பெரிது.

ஊசிநூல்: பேச்சு பிள்ளைகளைப் பற்றி, ஆனாலும் நல்ல இடத்தைத் தொட்டீர்கள். பிள்ளைக்கும் இரண்டு காலையும் அளக்க வேண்டும். குதிகால் சுவரைத் தொட, முழுப் பாரமும் காலில் இருக்க, தாளில் நிற்க வைத்து நீளமான விரல் வரை குறியுங்கள். மாலையில் அளந்தால் நல்லது, அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

மழைத்துளி: இடது 17.2, வலது 17.6.

ஊசிநூல்: பெரியதோடு ஒரு செ.மீ. சேர்த்தால் 18.6. உள்ளட்டையைக் கழற்றி அளந்து பாருங்கள், 18.6 முதல் 18.8 வரை இருந்தால் எடுக்கலாம். ஐரோப்பிய எண் 28 பக்கம் வரும், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மழைத்துளி: வீட்டில் இருக்கும் ஷூவின் உள்ளட்டை 17.9தான், விரல் பதிந்த குழி விளிம்பிலேயே இருக்கிறது. அதை மாற்றிவிடுகிறேன். பேன்ட் இடுப்பு?

ஊசிநூல்: அதற்கு நேர்வழி இல்லை. உயரத்துக்கு எடுத்தால் இடுப்பு பிடிக்கும், இடுப்புக்கு எடுத்தால் கால் நீளும். உள்ளே பட்டன் வைத்த எலாஸ்டிக் கிடைத்தால், இடுப்புக்கு எடுத்துக் காலை மடித்துத் தைக்கலாம்.