கொலுசு வேலைப்பாட்டின் கருமை போய்விட்டது, உதவி தேவை

அம்மாவின் பழைய வெள்ளிக் கொலுசு இரண்டும் கறுத்திருந்தன. ஒன்றை அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றினேன். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தது. வெள்ளியில் படிந்த கந்தகம் அலுமினியத்துக்குப் போவதால் வரும் வாடை அது. தாளில் படாமல் மேலே நின்ற கண்ணிகள் மட்டும் வெளுக்கவில்லை. திருப்பிப் போட்டதும் அவையும் ஐந்தே நிமிடத்தில் பளிச்சென்றாகிவிட்டன.

ஆனால் பூவேலைப் பள்ளங்களில் செய்யும்போதே ஏற்றியிருந்த கருமையும் சேர்ந்து போய்விட்டது. அதுவும் வெள்ளி சல்பைடுதான் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது பூக்களே தெரியாமல் தட்டையாக, மங்கிய வெள்ளையாக இருக்கிறது. மனசே ஆறவில்லை.

மற்றொன்றைப் பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தேன். மேடுகள் மின்னுகின்றன, பள்ளத்தில் கருமை அப்படியே நிற்கிறது, அழகு கெடவில்லை. ஒவ்வொரு முறையும் பாலிஷ் கொஞ்சம் வெள்ளியைத் தேய்த்தெடுக்கும் என்பதுதான் கவலை. கண்ணி இடுக்குகளில் வெள்ளைப் பசையும் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

முதல் கொலுசுக்கு அவித்த முட்டை மஞ்சள்கருவோடு மூடிவைத்துக் கருமை ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மணி நேரம் வைத்தீர்கள்? இடுக்குப் பசையை எடுக்க வெந்நீரும் மென்மையான பிரஷும் போதுமா?