அழித்த ஓ.டி.பி. எல்லாம் அப்பாவின் புது போனில் திரும்ப வந்துவிட்டது. உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

செல்வி_காரைக்குடி: அப்பா புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினார். பழையதை அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அதில் ஐந்து வருஷத்து மெசேஜ் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, மெசேஜ் தேடலில் OTP என்று போட்டு, வந்ததை ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. கால் லாக்கையும் முழுசாகத் துடைத்தேன். மத்தியானமே பழைய போனை ரீசெட் செய்துவிட்டுப் புது போனில் அப்பாவின் கூகுள் கணக்கைப் போட்டு பேக்கப்பை இறக்கினால், அழித்த அத்தனையும் வரிசையாக வந்து நிற்கிறது. கால் லாக் உட்பட. எங்கே தவறினேன்?

பாலு1968: பழைய ஓ.டி.பி.க்காக இவ்வளவு மெனக்கெட வேண்டாம் அம்மா. சில நிமிஷத்தில் அந்த எண் செத்துவிடும். எவன் கையில் கிடைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சர்வீஸ்_மணி_கோவை: பாலு சார் சொல்வதில் எண்ணைப் பொறுத்தவரை சரி. ஆனால் அந்த மெசேஜில் எண் மட்டுமா இருக்கிறது? எந்த வங்கி, கார்டின் கடைசி நான்கு இலக்கம், எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கினார், எல்லாம் இருக்கும். "சார், உங்க கார்டில் நேற்று இத்தனை ரூபாய் போயிருக்கு" என்று ஒருவன் போனில் சரியாகச் சொன்னால் வயசானவர்கள் நம்பிவிடுகிறார்கள். புது ஓ.டி.பி.யைத் தானே வாயால் சொல்லிவிடுகிறார்கள். கடையில் இப்படி வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செல்வி, நீங்கள் அழித்தது போனில் இருந்ததை. கூகுள் பேக்கப்பில் எஸ்.எம்.எஸ்., கால் ஹிஸ்டரி இரண்டும் சேரும். அது அழித்தவுடனே ஓடாது. பெரும்பாலும் சார்ஜில், வைஃபையில், சும்மா கிடக்கும்போதுதான் ஓடும். நீங்கள் காலையில் அழித்து மத்தியானம் ரீசெட் செய்துவிட்டீர்கள். கணக்கில் இருந்தது அதற்கு முந்தைய நகல், அதுதான் இறங்கியிருக்கிறது. அழித்த பிறகு Settings-இல் Backup என்று தேடி, Back up now அழுத்தி, அங்கே காட்டும் நேரம் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ரீசெட்டுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, Notification history. அதை ஆன் செய்து வைத்திருந்தால், மெசேஜை அழித்த பிறகும் ஒரு நாள் வரை நோட்டிஃபிகேஷனில் வந்த வரிகள் அங்கே கிடக்கும். ரிப்பேருக்கு போன் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டொராண்டோ_வாசுகி: இங்கே எனக்கு வாய்ஸ்மெயிலில் நடந்தது. எஸ்.எம்.எஸ். வராவிட்டால் சில சேவைகள் போன் செய்து எண்ணை வாசிக்கும். நான் எடுக்காததால் அது வாய்ஸ்மெயிலில் பதிவாகி வாரக்கணக்கில் கிடந்தது. அழித்தேன், ஆனாலும் ஐபோனில் Deleted Messages என்ற இடத்தில் இருந்தது. அங்கே போய் Clear All கொடுத்த பிறகுதான் போனது. இதைவிட முக்கியம் வாய்ஸ்மெயில் பின். 2018-இல் இஸ்ரேலில் அரசின் சைபர் பிரிவே எச்சரித்தது: ராத்திரி தூங்கும் நேரத்தில் வாட்ஸ்அப் கோட் கேட்டு, அந்த அழைப்பை வாய்ஸ்மெயிலில் விழவைத்து, 0000, 1234 மாதிரி மாற்றாத பின்னைப் போட்டுக் கேட்டுக் கணக்கையே பறித்தார்கள். அதைப் படித்த அன்றே பின்னை மாற்றினேன்.

பாலு1968: நம் ஊரில் வாய்ஸ்மெயில் யார் வைத்திருக்கிறார்கள்?

சர்வீஸ்_மணி_கோவை: வாய்ஸ்மெயில் குறைவு, கால் ஃபார்வர்டிங் உண்டு சார். அழைப்பு வேறு எண்ணுக்குப் போனால் குரலில் வரும் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். *#21# அடித்துப் பாருங்கள், எல்லா அழைப்பும் ஃபார்வர்டு ஆகிறதா என்று காட்டும்.

ரேவதி_திருச்சி: நான் அவசரப்பட்டு அழித்துக் கஷ்டப்பட்டவள். மோசடி அழைப்பில் பணம் போனதும் பதற்றத்தில் அந்த எண்ணையே பார்க்கப் பிடிக்காமல் கால் லாக்கையும் மெசேஜையும் அழித்துவிட்டேன். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்தபோது எந்த எண், எத்தனை மணி என்று கேட்டார்கள். என்னிடம் எதுவுமே இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காமல் தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள்.

செல்வி_காரைக்குடி: மணி அண்ணா, இப்போது புரிகிறது. நேற்று புது போனில் மறுபடி அழித்து, பேக்கப் ஓட்டி, நேரம் மாறியதைப் பார்த்துக்கொண்டேன். அப்பாவின் பென்ஷன் வரவு மெசேஜ்களைத் தொடவில்லை, அவர் அதைத்தான் கணக்காக வைத்திருக்கிறார். கூகுள் மெசேஜஸில் Message organization-க்குள் 24 மணி நேரத்தில் ஓ.டி.பி.யைத் தானாக அழிக்கும் வசதியும் இருந்தது, ஆன் செய்தேன். இன்று பார்த்தால் மற்றது போய்விட்டது, கூட்டுறவு வங்கியின் ஓ.டி.பி. மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த மெசேஜில் OTP என்ற சொல்லே இல்லை, "ரகசிய எண்" என்றுதான் வருகிறது. காரணம் அதுதானா? யாருக்காவது இப்படி நின்றிருக்கிறதா?