சீசனாலிட்டிக்கு பருவத்தன்மையா, மாதச்சாய்வா?

கோபால், கம்பம்:
சார்ட்ல வருஷா வருஷம் அதே மாசம் விலை ஏறுது இறங்குதுங்கிற சீசனாலிட்டிக்கு பருவத்தன்மைன்னு வச்சா என்ன? நம்ம ஏலக்காய்க்கு பொருந்துது, காய் எடுப்பு ஆரம்பிச்சா வரத்து கூடி விலை இறங்கும். பங்குகளுக்கும் உண்டு, ஒரு சார்ட்ல டிசம்பர் மட்டும் 10 வருஷத்துல 8 தடவ ஏத்தம். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

ஸ்டெல்லா, குமுளி:
அண்ணே, அந்த 10க்கு 8 என்னை அசைக்கல. ஏறுறதும் இறங்குறதும் பாதிக்குப் பாதின்னு வச்சாலே ஒரு மாசம் சும்மாவே 8 தடவையோ அதுக்கு மேலயோ ஏற 5.5 சதவீத வாய்ப்பு இருக்கு. ஆனா நீங்க டிசம்பர மட்டுமா பாத்தீங்க, 12 மாசத்தையும் பாத்துட்டு நல்லா தெரிஞ்சத எடுத்தீங்க, அப்ப ஒண்ணாவது அப்படி அமைய வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி. இறக்கத்தையும் சேத்து எண்ணினா நாலு சார்ட்ல மூணுல இப்படி ஒரு மாசம் வந்து நிக்கும். பங்குகள் பொதுவா மேல போறதால இன்னும் சுலபமா ஏத்த மாசம் கிடைக்கும்.

சோதிக்கணும்னா ஒவ்வொரு வருஷத்தோட 12 மாத மாற்றத்தையும் அந்த வருஷத்துக்குள்ளயே கலைச்சுப் போடுங்க, அதுல எந்த மாசம் அதிக தடவ ஏறிருக்குன்னு பாத்து அந்த எண்ணிக்கைய எழுதிக்கோங்க, கம்ப்யூட்டர்ல இத ஆயிரம் தடவ ஓட்டுங்க. கலைச்சதுலயே 8ஓ அதுக்கு மேலயோ அடிக்கடி வந்தா உங்க டிசம்பர் செல்லாது. அதனால வெறும் கணக்குல தெரியுறதுக்கு மாதச்சாய்வு, காரணத்தோட நிக்கிறதுக்கு மட்டும் பருவத்தன்மைன்னு ரெண்டு சொல் வேணும்.

முத்துப்பாண்டி, போடி:
அக்கா, எங்கிட்ட மூட்டை கிடக்கு, ஆகஸ்ட்ல ஏறுமா சொல்லுங்க. 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல கிலோ 7000 போச்சே.

ஸ்டெல்லா:
தம்பி, அது ஆகஸ்ட் மாசத்தோட குணம் இல்ல. 2018 வெள்ளத்துல செடி போச்சு, மறுவருஷம் வறட்சி, காய் இல்ல. அந்த ஒரு வருஷத்தையும் சேத்து சராசரி போட்டா ஆகஸ்ட்டே ஏத்த மாசமா தெரியும். ஒவ்வொரு வருஷ ஆகஸ்ட் மாற்றத்தையும் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அடுக்கி நடுவுல இருக்கிறத எடுங்க, இல்ல 2019ஐ எடுத்துட்டு பாருங்க, நிக்குதான்னு தெரியும். மூட்டைய விக்கிறது உங்க பாடு, நான் சொல்லமாட்டேன்.

கோபால்:
சரி, ஆனா வரத்து கூடும்னு வியாபாரிக்கும் தெரியுமே, அவன் முன்னாடியே விலைய குறைச்சிட்டா காரணம் இருந்தும் சார்ட்ல தெரியாதே, அதுக்கு எந்த சொல்?

ஸ்டெல்லா:
நல்ல கேள்வி. வரத்துல பருவத்தன்மை, விலைல இல்லைன்னு பிரிச்சு சொல்லலாம்னு தோணுது. ஆனா மாதச்சாய்வுங்கிற சொல் தினசரி ஏல விலைக்கு ஒத்து வராதே, வாரக்கணக்குல பாக்குறவங்க என்ன சொல்றீங்க?