காகிதப் பஞ்சு காப்பு: ‘செட்டிலிங்’குக்கு ஒரு சொல்

சரவணன்:
வணக்கம். பெங்களூரில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வெப்பம் தடுக்கக் காகிதப் பஞ்சு ஊதும் நம் ஆட்களுக்காக ஒரு வேலைத்தாள் எழுதுகிறேன். ‘லூஸ் ஃபில்’லுக்கு ‘உதிரி நிரப்பு’ என்று போட்டுவிட்டேன். உதிரிப்பூ என்று சொல்லிப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும். நாளாக நாளாகப் பஞ்சின் உயரம் குறைவதை எப்படிச் சொல்வது? ‘படிதல்’ சரியா?

மாணிக்கம்:
படிதல் என்றால் வண்டல் நினைவுக்கு வருகிறது தம்பி. ‘அமுங்கல்’ என்று எழுதுங்கள். கணக்கும் எளிதுதான்: 200 மி.மீ. நிற்க வேண்டும், 20 சதவீதம் அமுங்கும் என்றால் 240 ஊத வேண்டும்.

கலா:
ஐயா, படிதல் வேண்டாம் என்பது சரி. ஆனால் ஆள் மிதித்தாலும் பஞ்சு அமுங்கும். இது தன் எடையாலும் அதிர்வாலும் ஈரம் ஏறி இறங்குவதாலும் தானே குறைவது. மண் கொட்டிய தரை ‘இறங்கிப்போச்சு’ என்று கொத்தனார் சொல்வாரே, அதுதான். ‘இறக்கம்’ என்று வைத்தால் ‘ஊதும் உயரம்’, ‘இறங்கிய உயரம்’ என்று இரண்டு அளவையும் பிரித்துச் சொல்லலாம்.

கணக்கில் ஒரு திருத்தம். 240-இல் 20 சதவீதம் போனால் 192தான் மிஞ்சும். 200-ஐ 0.8-ஆல் வகுத்து 250 ஊத வேண்டும்.

சரவணன், உயரத்தை மட்டும் நம்பவேண்டாம் என்றும் எழுதுங்கள். மெஷினில் காற்றைக் கூட்டினால் கொஞ்சம் பஞ்சே 250 காட்டும், அப்புறம் அளவுக்கு மீறி இறங்கும். 10க்கு 12 அடி அறை, இறங்கியபின் கன மீட்டருக்கு 30 கிலோ என்று வைத்தால் சுமார் 67 கிலோ பஞ்சு போக வேண்டும். 12 கிலோ மூட்டையில் ஆறு. நான்கு மூட்டையிலேயே உயரம் வந்துவிட்டால் வேலை சரியில்லை. காலி மூட்டைகளை எண்ணினால் தெரிந்துவிடும்.

வசந்தி:
எங்கள் வீட்டு சீலிங்குக்குள் கரையானும் இருக்கிறது, எலியும் இருக்கிறது. இதில் போரேட் உப்பு கலப்பார்களாமே, இதை ஊதிவிட்டால் மருந்து அடிக்க வேண்டாம்தானே? தீயும் பிடிக்காதாமே?

கலா:
மருந்து அடித்துத்தான் ஆகவேண்டும் வசந்தி. போரேட் கலந்த பஞ்சைத் தின்ற கரையான் சாகும். ஆனால் சுவரில் மண்குழாய் கட்டி மரத்துக்குப் போகும் கரையானை அது நிறுத்தாது. எலி வருவதையும் தடுக்காது, வழியை அடைக்க வேண்டும்.

தீ விஷயத்தில், கலக்கும் போரேட்டுகளில் போராக்ஸ் சுடர் பரவுவதை அடக்கும், போரிக் அமிலம் சுடரில்லாமல் கனல்வதை அடக்கும். இரண்டையும் சேர்ப்பது அதற்காகத்தான். அப்படியும் இது கருகும். சீலிங்கில் பதித்த விளக்கைச் சுற்றி 75 மி.மீ. விட்டுத் தடுப்பு வையுங்கள். மழை ஒழுகினால் போரேட் கரைந்து போகலாம், நனைந்த பஞ்சும் கட்டிதட்டிவிடும். காய்ந்தாலும் பழையபடி உப்பாது. அந்த இடத்தை அள்ளி எடுத்துவிட்டுப் புதிதாக ஊதுவதுதான் வழி.

மாணிக்கம்:
192 சரிதான் அம்மா. ஆனால் ‘இறக்கம்’ என்றால் ரோட்டுச் சரிவும்தானே?

சரவணன்:
‘பஞ்சு இறக்கம்’ என்று சேர்த்தே எழுதுகிறேன் ஐயா. ‘தீப்பிடிக்காத’ என்று எழுதியிருந்த இடத்தில் இப்போதைக்குத் ‘தீ அடக்கும்’ என்று மாற்றுகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.